முட்டையா, பாலா, பயறா, டின் பவுடரா? மலைவீட்டில் தனியாக இருக்கும் அம்மாவின் காலைத் தட்டு

கோத்தகிரி, குன்னூர் பக்கத்து வீடுகளில் எழுபது தாண்டிய அம்மாக்களின் நாள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். ஆறு மணிக்கு ஒரு டீ, கூடவே வர்க்கி. ஒன்பதரைக்கு இரண்டு இட்லி. பதினொன்றுக்கு மறுபடியும் டீ. மதியம் கொஞ்சம் சோறு, தண்ணியான சாம்பார், மோர். நாலு மணிக்கு டீயும் பிஸ்கட்டும். குளிர் இறங்கும் நேரத்தில் இன்னொரு டீ. ராத்திரிக்கு ரசம் சோறு அரை வாய். "பசியே இல்லப்பா" என்பது பொய்யில்லை. வயிறு உண்மையாகவே நிறைந்துதான் இருக்கிறது, டீயாலும் மாவாலும்.

இதற்கிடையில் ஜாக்கெட் தொளதொளவென்று ஆகிறது. படியேறும்போது கை சுவரைத் தேடுகிறது. கோயம்புத்தூரிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ ஞாயிற்றுக்கிழமை வந்து போகும் பிள்ளைகள் முதலில் வாங்கி வருவது ஒரு சத்துப் பவுடர் டின். அது சரியான முதல் தேர்வா? முட்டை, பால், பயறு, டின் என்று நான்கு வழிகள் இருக்கின்றன. எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதற்கு முன், எவ்வளவு குறைகிறது என்று ஒரு கணக்குப் போட்டுவிட வேண்டும்.

ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். வயது 74. போன பொங்கலுக்கு 49 கிலோ, ஆடி மாதம் 46 கிலோ. மூன்று கிலோதானே என்று தோன்றும். ஆனால் அது அவர் எடையில் 6 சதவீதம். முயற்சி இல்லாமல் ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், மருத்துவர்கள் அதை வயசுக்கோளாறு என்று விட்டுவிடுவதில்லை. இந்த வயதில் எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து கரைகிறது. போன தசை தானாகத் திரும்புவதில்லை.

இந்திய உணவுப் பரிந்துரைகள் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்ன புரத அளவு, கிலோ எடைக்கு 0.83 கிராம். முதியோருக்கு அது போதாது என்று 2013-இலேயே முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர் குழு ஒன்று கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை சொன்னது. நோயில் படுத்து எழுந்தவர்களுக்கு 1.5 வரை போகலாம். காரணம் எளிது. வயதான தசை கொஞ்சம் செவிடு. முப்பது வயதுத் தசை பத்து கிராம் புரதத்துக்கே விழித்துக்கொள்ளும். எழுபது வயதுத் தசையை எழுப்ப ஒரே வேளையில் இருபது, இருபத்தைந்து கிராம் வேண்டும். நாள் முழுக்கத் துளித்துளியாக டீயில் வரும் பால் அதை எழுப்பாது.

நம் அம்மாவுக்கு இலக்கு 46 பெருக்கல் 1.2, ஏறத்தாழ 55 கிராம். இப்போது சாப்பிடுவதைக் கூட்டிப் பார்ப்போம். டீ நான்கு முறை, ஒவ்வொன்றிலும் 60 மில்லி பால் என்றால் 8 கிராம். வர்க்கி, பிஸ்கட் எல்லாம் சேர்த்து 3. சட்னியோடு இரண்டு இட்லி 5. மதியச் சோறு, சாம்பார், பொரியல், மோர் சேர்த்து 10. ராத்திரி ரசம் சோறு 3. மொத்தம் 29 கிராம். கிட்டத்தட்ட பாதி. அதிலும் காலையில் இட்லியும் கூட வரும் டீயும் சேர்ந்து 7 கிராம்தான்.

காலையைத்தான் முதலில் திருத்த வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதியோருக்குப் பசி இருக்கும் நேரம் பெரும்பாலும் காலைதான். பொழுது சாயச் சாய அது மங்கும். ராத்திரி தட்டில் நல்லதை வைத்துக் கெஞ்சுவது, கடை சாத்தும் நேரத்தில் வியாபாரம் பேசுவது போல.

கஞ்சி, சூப், கேரட்: வயிற்றை நிரப்பும் நல்லவர்கள்

நான்கு வழிகளுக்குப் போகும் முன், பசியில்லாதவருக்குக் கை தானாக நீளும் மூன்றைத் தள்ளி வைக்க வேண்டும். ராகிக் கஞ்சி நல்லதுதான், கால்சியம் இருக்கிறது. ஆனால் 30 கிராம் மாவை ஒரு பெரிய டம்ளர் கஞ்சியாக்கினால் அதில் புரதம் 2 கிராம். டம்ளர் காலியானதும் வயிறு நிறைந்துவிடும். அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு இட்லிகூட இறங்காது. மலையில் கேரட், முட்டைக்கோஸ், நூல்கோல், பீட்ரூட் எல்லாம் தோட்டத்திலிருந்தே வருவதால் காய்கறி சூப் வைப்பது வழக்கம். அதிலும் கதை இதுதான்.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். சொல்லித்தான் ஆக வேண்டும். அதில் கெட்டியாகும் பசை ஜெலட்டின். அது முழுமையான புரதம் அல்ல, தசை கட்டத் தேவையான சில அமினோ அமிலங்கள் அதில் இல்லாமலும் குறைவாகவும் இருக்கின்றன. ருசிக்கும் சூட்டுக்கும் சாப்பாட்டுக்கு முன் அரை டம்ளர் குடிக்கட்டும், நாக்கு விழிக்கும். சாப்பாடே அதுதான் என்றால் தசைக்கு ஒன்றும் போய்ச் சேராது.

முட்டை

முட்டை சாப்பிடும் வீடென்றால் யோசிக்க வேண்டியதில்லை, முதல் இடம் இதற்குத்தான். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், அதுவும் எளிதில் சீரணமாகும் புரதம். இரண்டு முட்டை உள்ளங்கை அளவு இடம்தான் பிடிக்கும். பசியில்லாத வயிற்றுக்கு இந்தக் கச்சிதம்தான் முக்கியம். அம்மா தனியாக இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் அவரே செய்துகொள்ள முடியும் என்பது அடுத்த லாபம்.

கெட்டுப்போவது எங்கே என்றால், செய்யும் விதத்தில். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு வறண்டு, பவுடராக உதிரும். வாய் உலர்ந்தவர்களுக்கு அது தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். பி.பி. மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுபவர்களில் பலருக்கு எச்சிலே குறைவு. "முட்டை அடைக்குது" என்று இரண்டாம் நாளே ஒதுக்கிவிடுவார்கள். அவர்களுக்குப் பொடிமாஸ்தான் சரி. இரண்டு முட்டையை இரண்டு கரண்டி பாலோடு அடித்து, சிறு தீயில், பொடியாக நறுக்கிய வெங்காயம் வதங்கிய பிறகு ஊற்ற வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளிக்கொண்டே இருந்து, பச்சைத் திரவம் மறைந்து இன்னும் பளபளப்பு இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். சட்டியின் சூட்டில் மீதி வெந்துவிடும். அடுப்பிலேயே இன்னும் ஒரு நிமிடம் விட்டால் நீர் பிரிந்து ரப்பராகிவிடும். பல்செட் போட்டவர்களுக்கு அது மெல்லவே வராது. மேலே மிளகுத்தூள் கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும், வயதான நாக்குக்குச் சுவை மங்கித்தான் தெரியும்.

வேகவைத்தே பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோத்தகிரி, குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி அருகிலேயே கொதித்துவிடுகிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் 93 பக்கம். கீழே பன்னிரண்டு நிமிடத்தில் வேகும் முட்டைக்கு இங்கே இரண்டு மூன்று நிமிடம் கூட வேண்டும்.

கொழுப்பைப் பற்றிய பயம் எல்லா வீட்டிலும் உண்டு. சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவர்களுக்கு ஒரு முழு முட்டையும் இரண்டு வெள்ளைக்கருவும் போட்டுப் பொடிமாஸ் செய்தால் 13 கிராம் வந்துவிடும். மற்றபடி எலும்பும் தோலுமாக இளைத்துவரும் 74 வயதுக்காரருக்கு மஞ்சள் கருவை எடுத்து வீசுவது, இருக்கும் கொஞ்ச நஞ்சக் கலோரியையும் பிடுங்குவதுதான். "முட்டை சூடு" என்பவர்களிடம் மல்லுக்கட்ட வேண்டாம். மோரோ தயிரோ பக்கத்தில் வைத்தால் அந்தப் பேச்சே அடங்கிவிடும்.

முட்டையின் உண்மையான குறை வேறு. வெள்ளி, செவ்வாய், கார்த்திகை, சஷ்டி என்று விரதம் பிடிக்கும் அம்மா என்றால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் முட்டை வராது. மாதத்தில் பத்து நாள் ஓட்டை விழும் திட்டம் திட்டமே இல்லை. அந்த நாட்களுக்கு வேறு ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

பால், ஆனால் சாதாரணப் பால் அல்ல

"ராத்திரி ஒரு டம்ளர் பால் குடிங்க" என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. 200 மில்லி பாலில் 6 கிராம்தான் புரதம். இரண்டு டம்ளர் கூடுதலாகக் குடித்தால் 12 கிராம் வரும், ஆனால் சாப்பாடு போய்விடும். பாலின் அளவைக் கூட்டக் கூடாது, அடர்த்தியைக் கூட்ட வேண்டும்.

வழி இதுதான். அரை லிட்டர் பாக்கெட் பாலில் 50 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலக்க வேண்டும். தலை தட்டிய மேசைக்கரண்டியில் சுமார் ஏழு. பாலில் உள்ள 16 கிராமும் பவுடரில் உள்ள 17 கிராமும் சேர்ந்து 33 கிராம் ஆகிறது. அளவு மாறவில்லை, புரதம் இரட்டிப்பு. இதே பாலில் டீ போடலாம், தயிர் உறை ஊற்றலாம், ராத்திரிக்குக் காய்ச்சிக் கொடுக்கலாம். பசி இல்லாதவர்கூட டீயை மறுப்பதில்லை. எதிரியாக இருந்த டீயையே கூலிக்கு வைத்துக்கொள்ளும் வேலை இது.

கலக்கும்போது பெரும்பாலும் ஒரே தவறுதான் நடக்கும். கொதிக்கும் பாலில் பவுடரைக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும், அடியும் பிடிக்கும். அந்தத் தீய்ந்த வாடையில் அம்மா அன்றைக்கு டீயே வேண்டாம் என்பார். பவுடரை முதலில் ஒரு கிண்ணத்தில் கைசூடான பாலில் கட்டியில்லாமல் குழைத்துக்கொண்டு, பிறகு மீதிப் பாலில் ஊற்றி, சிறு தீயில் கிண்டியபடி காய்ச்ச வேண்டும்.

கடையில் ஏமாறும் இடமும் ஒன்றிருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் டெய்ரி ஒயிட்னர் பாக்கெட்டும் பால் பவுடரும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஒயிட்னரில் சர்க்கரை சேர்த்திருக்கும், புரதம் நூறு கிராமுக்கு 20 கிராம் சொச்சம்தான். பாக்கெட்டின் பின்புறம் புரதம் 34, 35 என்று போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வீட்டில் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டால் ரத்தச் சர்க்கரை சொல்லிக்காட்டிவிடும்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கும் பேதியாகிறவர்களுக்கும் பவுடர் கலந்தால் இன்னும் கூடும், பால் சர்க்கரையும் அதோடு வருகிறதே. அவர்களுக்கு அதே பாலை உறை ஊற்றிக் கெட்டித் தயிராகக் கொடுக்கலாம், தாங்கும். ஆனால் இங்கே மலைக்கே உரிய ஒரு தடங்கல் நிற்கிறது. "இந்தக் குளிரில் தயிரா? சளி பிடிக்கும்." பதினைந்து டிகிரி அடுப்படியில் இருக்கும் தயிர் உண்மையிலேயே பல்லைக் கூசவைக்கும் ஜில்லிப்பு, குடிக்கத் தோன்றாததில் வியப்பில்லை. தயிர்க் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பத்து நிமிடம் வைத்து எடுத்தாலோ, சூடான குழைந்த சாதத்தில் பிசைந்தாலோ அந்தப் பேச்சு பாதி குறையும். இன்னும் பிடிவாதமென்றால் மோர்க்குழம்பு. துவரம்பருப்பை ஊறவைத்து அரைத்து ஊற்றினால் தயிர் திரிந்து போகாமலும் இருக்கும், புரதமும் கூடும். குளிரில் உறையாத தயிருக்கு, பாத்திரத்தைக் கம்பளித் துணியில் சுற்றி அடுப்பு மேடையில் வைப்பது எல்லா வீட்டிலும் தெரிந்த வேலை.

பயறு, மலையில் முரண்டு பிடிக்கும் பயறு

காகிதத்தில் பயறுதான் ஜெயிக்கும். பச்சைப்பயறு, துவரை, கடலை எல்லாமே நூறு கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம். ஆனால் அது காய்ந்த எடை. வேகவைத்தால் இரண்டரை மடங்கு ஊதிவிடும். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10 கிராம் கிடைக்கும் என்று பதினொரு மணிக்குக் கொடுத்தால், மதியச் சோறு தட்டிலேயே நிற்கும். பயறு பசியை அடக்கும் பொருள். எடை குறைக்க நினைக்கும் மகனுக்கு அது வரம், எடை ஏற வேண்டிய அம்மாவுக்கு அதுவே தடை.

வேகாத பயறு அடுத்த பிரச்சினை. கொதிநிலை குறைவாக இருக்கும் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் உள்ளே அரிசி போல நிற்கும். குக்கர் இல்லாமல் மலையில் பருப்பு இல்லை. குக்கரிலும் விசில் எண்ணிக்கையை நம்பாமல், முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நிமிடத்தை எண்ணுவது நல்லது. துவரைக்குப் பன்னிரண்டு நிமிடம், ஊறிய கொண்டைக்கடலைக்கு இருபத்தைந்து. ராத்திரி ஊறவைக்கும் தண்ணீர் பனி போல இருந்தால் காலையில் கடலை பாதிதான் ஊறியிருக்கும், அதனால் வெந்நீரில் ஊறப்போட வேண்டும். இரண்டு விரலால் நசுக்கினால் நடுவில் நறுக்கென்று ஒரு கரு தட்டுப்பட்டால் அது முதியவர் வயிற்றுக்குப் போகக் கூடாது. "பருப்பு வாயு" என்ற புகாரில் பாதி இந்த வேகாத கருவுக்குச் சேர வேண்டியது. சோடா உப்பு போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் பி வைட்டமின் ஒன்று அழிகிறது. உப்பைக் குறைக்கச் சொன்ன பி.பி.காரருக்கு சோடியமும் ஏறும்.

இந்தச் சிக்கல்கள் எதுவும் இல்லாமல் பயறைத் தட்டில் கொண்டுவரும் ஒரே பண்டம் பச்சைப்பயறு தோசை. ஐம்பது கிராம் பயறு, அதாவது ஒரு சின்னக் கைப்பிடி. முந்தின ராத்திரி வெந்நீரில் ஊறவைத்து, காலையில் இஞ்சி, பச்சை மிளகாய், ஒரு கரண்டி அரிசியோடு அரைத்து உடனே ஊற்றலாம். புளிக்க வேண்டாம். இதுதான் மலையில் பெரிய சௌகரியம். டிசம்பரில் இட்லி மாவு இரண்டு நாள் ஆனாலும் பொங்காமல், ஊற்றினால் கல்லாகி, அம்மா ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு வைத்துவிடுகிற சங்கடம் இதில் கிடையாது. இரண்டு மெல்லிய தோசையில் 11, 12 கிராம் வந்துவிடும். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிச் சுட்டால் மொறுமொறுப்பும் வரும், கலோரியும் கூடும். விரத நாளுக்கு முட்டையின் இடத்தில் உட்கார வேண்டியது இதுதான்.

பழனி மலைப்பக்கமும் நீலகிரியிலும் பருவத்தில் கிடைக்கும் பச்சை பட்டர் பீன்ஸையும் பச்சைப் பட்டாணியையும் இங்கே ஒதுக்கிவிடக் கூடாது. காய்ந்த பயறைவிடப் புரதம் குறைவு, நூறு கிராமுக்கு ஏழு கிராம் அளவு. ஆனால் சீக்கிரம் வெண்ணெய் போல வெந்துவிடும், வாயு தொல்லையும் குறைவு. கொடைக்கானல் மலைப்பூண்டு நாலு பல் தட்டிப்போட்டுக் கூட்டு வைத்தால் அந்த வாசனைக்கே சிலருக்குத் தட்டு இழுக்கும்.

அசைவ வீடுகளுக்கு ஒரு வரி. ஆட்டுக்கறித் துண்டு மலையில் வேகவும் நேரமாகும், பல்லுக்கும் வராது, கொத்துக்கறியாக வாங்குவதே புத்திசாலித்தனம். கருவாட்டில் புரதம் நிறைய, உப்பு அதைவிட நிறைய.

டின் பவுடர்

டின்னில் இரண்டு சாதி. பிள்ளைகளுக்கு விளம்பரம் செய்யும் மால்ட் பானங்களில் நூறு கிராமுக்குப் புரதம் ஏழு முதல் பதினொன்று வரைதான் இருக்கும், மீதியில் பெரும்பங்கு மாவும் சர்க்கரையும். ஒரு முறைக்குப் போடும் இரண்டு கரண்டியில் வருவது 2, 3 கிராம். பாலில் கலந்து குடித்துவிட்டுப் "பவுடர் குடிச்சு தெம்பா இருக்கு" என்றால், அந்தத் தெம்பில் பெரும்பங்கு பாலுக்குச் சேர வேண்டியது. பெரியவர்களுக்கென்றே மருந்துக் கடையில் விற்கும் ஊட்டச்சத்துப் பவுடர்கள் வேறு, அவற்றில் புரதம் கூடுதல், கலோரியும் உண்டு, விலையும் உண்டு.

எதை வாங்கினாலும் ஒரு கணக்குப் போடுங்கள். டின்னின் விலையை அதில் உள்ள மொத்தப் புரத கிராமால் வகுக்க வேண்டும். நானூறு கிராம் டின், நூறுக்கு இருபது கிராம் புரதம் என்றால் மொத்தம் 80 கிராம். விலை 640 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிராம் எட்டு ரூபாய். ஏழு ரூபாய் முட்டையில் ஒரு கிராம் ஒரு ரூபாய்க்கு மேல் கொஞ்சம். பால் பவுடரும் அந்த வரிசையில்தான் வரும்.

அப்படியானால் டின்னே வேண்டாமா? வேண்டும், சில இடங்களில். இடுப்பெலும்பு அறுவை முடிந்து வந்தவர், நிமோனியாவில் படுத்து எழுந்தவர், சாதாரணச் சாப்பாட்டில் பாதிகூட இறங்காதவர், மெல்லவே முடியாதவர் ஆகியோருக்கு டாக்டரோ உணவியல் நிபுணரோ சொல்லும் டின் உயிர்த்தண்ணீர். அப்போதும் சாப்பாட்டுக்குப் பிறகோ, இரண்டு வேளைக்கு நடுவிலோ கொடுக்க வேண்டும். எட்டரை மணிக்கு ஒரு டம்ளர் பவுடர் குடித்தவருக்கு ஒன்பதரைக்குப் பசிக்காது. டின்னால் வரும் பெரிய கெடுதல் இதுதான், அது சாப்பாட்டின் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது.

நம் அம்மாவுக்கு என்ன முடிவு

தேர்வை முடிவு செய்ய வேண்டியது சத்துப் பட்டியல் அல்ல, வார நாளில் அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்பதுதான். தனியாக இருப்பவர் பயறு அரைத்துக்கொண்டிருக்க மாட்டார். ஆகவே நம் அம்மாவுக்குப் பால் வழி எல்லா நாளும், முட்டை ஐந்து நாள், பயறு தோசை விரத நாள் மட்டும். பால் பவுடரை ஐம்பது ஐம்பது கிராமாகச் சிறு டப்பாக்களில் ஞாயிற்றுக்கிழமையே நிரப்பி வைத்துவிட்டால் அளக்கும் வேலை இல்லை.

புதிய நாள் இப்படி வரும். டீ மூன்று முறை, செறிவூட்டிய பால் 60 மில்லி வீதம், ஒவ்வொன்றிலும் 4 கிராம். காலையில் ஒரு இட்லி, இரண்டு முட்டைப் பொடிமாஸ், கூட ஒரு டீ: 18 கிராம். மதியம் முக்கால் கப் குழைந்த சாதம், 30 கிராம் துவரையோ பாசிப்பருப்போ போட்டுக் கெட்டியாக வைத்த கூட்டு, கொஞ்சம் பொரியல், நூறு கிராம் கெட்டித் தயிர்: 17 கிராம். ராத்திரி ஒரு தோசையும் படுக்கும் முன் 150 மில்லி செறிவூட்டிய பாலும்: 13. மீதி இரண்டு டீயில் 8. மொத்தம் 56. தட்டில் சோறு குறைந்திருக்கிறது, இட்லி ஒன்று போயிருக்கிறது, ஆனாலும் புரதம் ஏறக்குறைய இரட்டித்திருக்கிறது. கூட்டில் ஒரு தேக்கரண்டி நெய், பொரியலில் தேங்காய் என்று கொழுப்பும் சேர வேண்டும். கலோரி போதாவிட்டால் உடம்பு இந்தப் புரதத்தையே விறகாக எரித்துவிடும்.

சாப்பிடும் வரிசையும் முக்கியம். முட்டையும் கூட்டும் முதலில், சோறு பிறகு, தண்ணீரும் ரசமும் கடைசியில். சாப்பாட்டுக்கு முந்தின ஒரு மணி நேரத்தில் டீ கிடையாது. நாலு மணி டீயோடு வர்க்கி ஒன்று இருக்கட்டும். எழுபது வருஷப் பழக்கத்தைப் பிடுங்கினால் கோபத்தில் முட்டையையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் கூடியிருந்தால், சிறுநீரகக் கோளாறு இருந்தால், இந்த அளவுகள் பொருந்தாது, சிறுநீரக மருத்துவர் சொல்லும் அளவுதான். இரண்டாவது, பசியின்மைக்கு மருந்தே காரணமா என்பது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், இதயத்துக்கான டிகாக்சின், இரும்புச்சத்து மாத்திரை இவையெல்லாம் சிலருக்கு வாயைக் கசக்கவைத்து வயிற்றைப் புரட்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்க வேண்டும். மூன்று நாள் மலம் போகாத வயிற்றுக்கும் பசிக்காது. குளிரில் தண்ணீர் குடிக்காத மலைவாசிகளுக்கு இது சகஜம், வெதுவெதுப்பான நீரை பிளாஸ்கில் கண்ணெதிரே வைத்தாலே பாதி சரியாகும்.

புரதம் மட்டும் தசை ஆகாது. கையைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வதை எட்டு முறை, காலையும் மாலையும் செய்ய வேண்டும். கீழே விழும் பயம் இருந்தால் நாற்காலியைச் சுவரோரம் போட்டு, யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். அளக்கவும் அதே நாற்காலிதான். ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடிக்கு மேல் ஆனால் கால்தசை தளர்ந்திருக்கிறது. கெண்டைக்காலின் பருத்த இடத்தில் டேப் சுற்றினால் பெண்களுக்கு 33 செ.மீ.க்கும், ஆண்களுக்கு 34-க்கும் குறையக் கூடாது. கால் வீங்கியிருந்தால் இந்த அளவும் எடையும் இரண்டுமே பொய் சொல்லும்.

எடை பார்க்கும்போது மலையில் எல்லோரும் செய்யும் தவறு ஸ்வெட்டரோடும் சால்வையோடும் ஏறுவது. அதுவே ஒரு கிலோவுக்கு மேல். ஒரே எடை மெஷினில், காலை டீக்கு முன், ஒரே மாதிரி உடையில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்துக் காலண்டரில் எழுத வேண்டும். நான்கு வாரம் இப்படிச் சாப்பிட்டும் 46 கிலோ 45 ஆனாலோ, விழுங்கும்போது இருமல் வந்தாலோ, இரண்டு வாய்க்கே வயிறு நிறைந்துவிட்டதென்றாலோ, அதற்கு மேல் சமையலறையில் தேடுவதற்கு ஒன்றுமில்லை. தைராய்டு, பி12, ரத்தச் சர்க்கரை, ரத்தசோகை பார்க்கவும், மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்கவும், தேவைப்பட்டால் வயிற்றுக்குள் பார்க்கவும் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். அந்தக் காலண்டர் தாளையும் கிழித்து எடுத்துப் போங்கள். "கொஞ்ச நாளா சாப்பிடறதில்லை" என்று சொல்வதைவிட அதில் இருக்கும் நான்கு எண்கள் டாக்டருக்கு அதிகம் உதவும்.